கூட்ட நேரம்: ஊரையும் கிழமையையும் சேர்த்தே போடுங்கள்

வணக்கம். கூட்டம் வைப்பவர்கள் "நாளை காலை 7 மணி" என்று மட்டும் போட வேண்டாம்; யாருடைய நாளை என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் புதன் பிற்பகல் 2 மணி என்றால் லண்டனில் அன்றிரவு 10, சிட்னியிலோ வியாழன் காலை 7. மூன்றையும் ஊர், கிழமை, தேதியோடு எழுதுங்கள்.

அப்புறம், வாராவாரம் நடக்கும் கூட்டம் என்றால் ஏதாவது ஓர் ஊரின் நேரத்தை நிலையாக வைத்து, காலண்டர் அழைப்பாகவே அனுப்புங்கள். சான் பிரான்சிஸ்கோவின் 2 மணி நிலையானது என்றால், நவம்பர் நடுவில் சிட்னிக்காரர்களுக்கு அது காலை 9. அங்கே அக்டோபரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பார்கள். அமெரிக்காவில் நவம்பர் தொடக்கத்தில் பின்னே இழுத்திருப்பார்கள். லண்டனில் அப்போதும் இரவு 10தான். மார்ச், ஏப்ரலிலும் இதேபோல் மாறும், அந்த வாரங்களில் மறுபடி பார்த்துவிடுங்கள்.