விடுபட்ட இரண்டு சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வெளியான டிரோன் கட்டுரையின் நான்காவது பத்தியில், "இரண்டு கிலோ வரை எடையுள்ள டிரோன்களை இயக்கச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை" என்று ஒரு வரி இருந்தது. படித்தேன், பெருமூச்சு விட்டேன், தாளை மடித்து வைத்தேன். அதோடு போயிருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை அதே வரி, டிரோனில் படமெடுத்துப் பிழைக்கும் என் முன்னால் மேசைமேல் வந்து விழுந்தது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் மேலாளர் அதைக் கத்தரித்து எடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார். "சான்றிதழ், சான்றிதழ் என்று சொல்லித்தானே சார் அதிகப் பணம் கேட்கிறீர்கள்? அது தேவையே இல்லை என்று பேப்பரிலேயே போட்டிருக்கிறதே" என்றார்.

பேப்பரிலேயே! உங்கள் பத்திரிகையின் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். என் சான்றிதழுக்கு அந்த மதிப்பு இல்லை என்பதுதான் என் வருத்தம்.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள் தங்கள் அலுவலகத்திலும் இருக்கும். கட்டுரையாளர் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ என்று அவை பிரிக்கின்றன. நானோவை இயக்க விமானி சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கும் தேவையில்லைதான், ஆனால் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். ஒருவர் தன் வீட்டு மாடியிலிருந்து ஆசைக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டாம். அதே கருவியை எடுத்துப்போய், அடுத்தவர் கட்டடத்தைப் படமெடுத்துப் பணம் வாங்கினால் வேண்டும். கட்டுரையில் விடுபட்டவை "வணிக நோக்கமற்ற" என்னும் இரண்டே சொற்கள். எங்கள் தொழில் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இருக்கிறது.

உடனே சிலர் நானோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "என்னுடையது 249 கிராம், சட்டமே எனக்குப் பொருந்தாது" என்பார்கள். முதலாவது, நானோவுக்கு விமானி சான்றிதழ் போன்ற சிலவற்றிலிருந்துதான் விலக்கு, சட்டம் முழுவதிலிருந்தும் அல்ல. பறக்கும் பகுதிக்கான கட்டுப்பாடு அதற்கும் உண்டு. இரண்டாவது, அந்த 249 கிராம் கடையில் பெட்டியைப் பிரிக்கும்போது உள்ள கணக்கு. சென்ற ஆண்டு ஓர் அரங்கத்துக்குள் படமெடுக்க வந்த தம்பியின் டிரோனை, என்னிடம் இருந்த சிறு தராசில் வைத்துக் காட்டினேன். வெறும் கருவி 248 காட்டியது. ஆட்கள் மேல் பட்டால் காயம் படாமலிருக்க அவர் மாட்டியிருந்த இறக்கைக் காப்பு வளையத்தோடு வைத்தால் 280-ஐத் தாண்டியது. பெரிய பேட்டரியைப் போட்டாலும் இதே கதைதான். விதி பார்ப்பது பறக்கும்போது உள்ள மொத்த எடையை. பாதுகாப்புக்காக மாட்டிய வளையமே அவரை மைக்ரோ வகைக்குத் தள்ளிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பத்திரிகைகளும்தான்.

மேலாளருக்கு வருகிறேன். கட்டி முடித்த ஐந்து மாடிக் குடியிருப்பை மேலிருந்து முழுமையாக எடுக்க வேண்டும், 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்துத் தர வேண்டும் என்றார். முடியாது, 60 மீட்டர்தான் போகலாம் என்றேன். அருகில் விமான நிலையம் இருக்கிறது. அதன் சுற்றெல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் பகுதி. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எழும்ப முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 60 மீட்டர், அதாவது 200 அடி மட்டும் பச்சை; அந்த உயரம்வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்கும் அப்பால், சிவப்போ மஞ்சளோ இல்லாத இடங்களில், 120 மீட்டர் வரை பச்சை.

அவர் உடனே கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, விமான நிலையம் 12.4 கிலோமீட்டர் என்று காட்டினார். அவர் அளந்தது பயணிகள் முனையத்திலிருந்து. விதி சொல்வது சுற்றெல்லையிலிருந்து. ஓடுபாதையின் கோடிவரை நீண்டு கிடக்கும் அந்த வேலியிலிருந்து அளந்தால் அவருடைய கட்டடம் 9.6 கிலோமீட்டரில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்தில் அனுமதிக்கப்பட்ட உயரம் பாதியாகிவிடுகிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டியும் அவருக்கு மனம் ஆறவில்லை. "60 மீட்டரில் கட்டடம் முழுதாக வராதே" என்றார்.

இது கேமராக்காரனிடம் சொல்லும் வார்த்தையா? என் டிரோன் கேமராவின் லென்ஸ் 24 மில்லிமீட்டருக்கு இணையானது. 60 மீட்டரிலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் தரையில் ஏறக்குறைய 85 மீட்டர் அகலமும் 65 மீட்டர் நீளமும் ஒரே படத்தில் அடங்கும். அவர்கள் மனையோ 70-க்கு 50. மொட்டை மாடி தரையைவிட 16 மீட்டர் கேமராவுக்கு அருகில் இருப்பதால் அங்கே பார்வை கொஞ்சம் குறுகும்; அப்போதும் 60 மீட்டருக்கு மேல் அகலம் கிடைக்கும். கட்டடத்துக்கு அது தாராளம். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்.

அவர்களுடைய முந்தைய கட்டடத்தை எடுத்துக் கொடுத்தவர் வேலை செய்துகொண்டிருக்கும் காட்சி அது. பக்கத்துக் கட்டடம்தான், அதே எல்லை, அதே ஐந்து மாடி. "இவரும் 60-ஐத் தாண்டவில்லை, ஆனால் உங்களைவிடக் குறைவாக வாங்கினார்" என்றார் மேலாளர். திரையில் `H 60m` என்று தெரிந்தது உண்மை. ஆனால் அந்த மனிதர் நின்றிருந்தது மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி! திரையில் வரும் உயரம் டிரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்காவது. விதியில் உள்ள உயரம் தரையிலிருந்து. மாடியின் 16 மீட்டரையும் கூட்டினால் அவர் 76 மீட்டரில் இருந்திருக்கிறார், விமானங்கள் இறங்கிவரும் பக்கத்தில். அவருக்கும் அது தெரியாது, மேலாளருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை என்பதால் இருவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

அவர் சான்றிதழ் காட்டினாரா என்று கேட்டேன். காட்டினாராம், அரசாங்க எண்ணே இருந்ததாம். அந்த எண்ணையும் பார்த்தேன். 2020 ஜனவரியில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், கையில் டிரோன் வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து விவரம் தெரிவிக்க ஒரு வாய்ப்பு கொடுத்ததே, நினைவிருக்கிறதா? தெரிவித்தவர்களுக்குக் கிடைத்த ஒப்புகை எண் அது. பறக்கவிடும் உரிமை எதையும் அது தராது என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. ரேஷன் கடையில் வாங்கிய டோக்கனைக் காட்டி, நான்தான் கடைக்காரர் என்று சொல்வதைப் போன்றது இது. இத்தனை ஆண்டுகளாக அந்த எண்ணை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டு தொழில் நடக்கிறது.

நியாயமாகச் சொன்னால், என் சான்றிதழும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் வகுப்பு, கணினியில் ஒத்திகை, களத்தில் பறக்கவிடுதல் எல்லாம் முடித்துத்தான் வாங்கினேன். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வாங்கிய மறுநாளே டிரோனைப் பெட்டியில் பூட்டிவிட்டவர் கையிலும் இதே அட்டைதான் இருக்கும். வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோனில் பயின்றவரும் முறையான சான்றிதழ் வைத்திருப்பார். அது எந்த எடை வகைக்கு என்று அதிலேயே இருக்கும், யாரும் படிப்பதில்லை. கேமராவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

ஆகவே நான் வாடிக்கையாளரிடம் அட்டையை மட்டும் நீட்டுவதில்லை. டிரோனின் தனி அடையாள எண், மூன்றாம் நபர் காப்பீட்டின் நகல், கிளம்பும் இடமும் உச்ச உயரமும் குறித்த ஒரு பக்கத் திட்டம், படப்பிடிப்பு நாள் காலையில் எடுத்த வான்வெளி வரைபடம் ஆகியவற்றைத் தருவேன். பச்சைப் பகுதியைத் தற்காலிகமாகச் சிவப்பாக அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் காவல் துறைக்கும் உண்டு என்பதால், முந்தைய வாரத்து வரைபடம் பயன்படாது. இவற்றோடு, கிளம்பியது முதல் இறங்கியது வரை வெட்டாத ஒரு முழுக் காணொளியும் கொடுப்பேன். இசை சேர்த்து வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத் தொகுப்பில் எல்லோரும் வல்லவர்கள்தான். வெட்டாத படத்தில்தான் கட்டடத்தைச் சுற்றி வரும்போது வேகம் கூடிக் குறைவதும், நிற்கும் இடத்தில் படம் வெடுக்கென்று இழுப்பதும், இறங்கும்போது கை தடுமாறுவதும் தெரியும். மேலாளர் அதில் பத்து விநாடி பார்த்தார். பிறகு மறுபடியும் உங்கள் கத்தரிப்பை என் பக்கமாக நகர்த்தினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், டிரோன் ஒன்று விழுந்து கார்க் கண்ணாடி உடைந்தபோது "புகைப்படக்காரர்களின் அத்துமீறல்" என்று தலைப்பிட்டீர்கள். பறக்கவிட்டவர் புகைப்படக்காரரே அல்ல என்று அப்போது ஒரு கடிதம் எழுதினேன். இடநெருக்கடி இருந்திருக்கும், வெளியாகவில்லை. அதன்பின் உங்கள் முதல் பக்கத்திலேயே ஒரு திரளான கூட்டத்தை மேலிருந்து எடுத்த படம் வந்தது. எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "டிரோன் படம்" என்று இருந்தது. டிரோனே தனியாகப் போய் எடுத்து வந்திருக்கும்போல. அதன் அடையாள எண் என்ன, யார் இயக்கினார், எந்தப் பகுதி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான்தான் வம்புக்காரன்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. மொட்டை மாடி மனிதருக்கே போய்விட்டது. போகட்டும்.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம். வரும் ஞாயிறு இணைப்பிதழில், அதே நான்காவது பத்தியைக் குறிப்பிட்டு, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான டிரோனுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பது வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே என்று போடுங்கள். இரண்டு வரி போதும். எட்டாம் பக்கத்தின் அடியில், ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி; மேலாளர் கத்தரிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருந்தால் நன்று.

இப்படிக்கு,
பதினெட்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும்
ஒரு புகைப்படக்காரர்