ஒற்றை விளையாட்டு உறுதிமொழிப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்: பயிற்சித் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ‘சிறப்பு அணி’க்குத் தேர்வான 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய படிவம் எனக்கும் வந்தது. இனி ஆண்டு முழுவதும் கால்பந்து மட்டும், நீச்சலோ ஓட்டமோ வேறெதுவுமோ கூடாது, கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. என் மகன் அந்தப் பட்டியலில் முதல் பெயர். ஆகவே இது இடம் கிடைக்காதவரின் வயிற்றெரிச்சல் என்று மட்டும் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

அவன் ஏன் முதல் பெயர் ஆனான் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அவன் ஜனவரியில் பிறந்தவன், உயரம் 158 செ.மீ. அதே பிரிவில் டிசம்பரில் பிறந்த ஒரு பையன் இருக்கிறான், உயரம் 139. தேர்வு நாளில் 30 மீட்டர் ஓட்டத்தில் என் மகன் 4.9 விநாடி, அவன் 5.4. நீங்கள் பார்த்தது அவ்வளவுதான். ஒருவனைச் சேர்த்தீர்கள், மற்றவனை அனுப்பிவிட்டீர்கள்.

பெற்றோரின் உயரத்தையும் கேட்டிருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். ஆண் பிள்ளைக்குத் தாய், தந்தை உயரங்களைக் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் வளர்ந்தபின் எவ்வளவு உயரம் இருப்பான் என்பதற்கு ஒரு தோராயம் கிடைக்கும். எங்கள் வீட்டில் 170, 158. ஆகவே அவனுக்கு 170.5. அதாவது என் மகன் தன் முழு உயரத்தில் ஏறக்குறைய 93 சதவீதத்தை இப்போதே எட்டிவிட்டான். அந்தப் பையனின் பெற்றோர் 176, 162, அவனுக்கு 175.5 வரும். அவன் இன்னும் 79 சதவீதத்தில்தான் நிற்கிறான். இந்தக் கணக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம், மறுக்கவில்லை. அதற்காக 93-க்கும் 79-க்கும் நடுவில் உள்ள தூரம் மறைந்துவிடாது. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் கட்டம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும், பெண் பிள்ளைகளுக்கு 12-ஐ ஒட்டி. என் மகனுக்கு அது முன்னதாகவே வந்துவிட்டது, அந்தப் பையனுக்கு இன்னும் தொடங்கவே இல்லை. அரை விநாடி வித்தியாசத்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு எலும்பும் தசையும் என்று உங்கள் கடிகாரத்தால் சொல்ல முடியுமா?

பட்டியலில் உள்ள பிறந்த மாதங்களையும் ஒருமுறை பாருங்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். இது புதிதல்ல. 1985-லேயே கனடாவில் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்து ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் இதே சாய்வைக் காட்டினார்கள். பிரிவுக்கான கடைசித் தேதி டிசம்பர் 31 என்றால், ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். 11 வயதில் ஓராண்டு என்பது பெரிய காலம்.

அந்தச் சின்னப் பையன் ஆடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வான். பந்து காலில் பட்டதும் எங்கே தட்டுவது என்று யோசிக்க மாட்டான், முன்பே முடிவு செய்திருப்பான். உடல் மோதலில் தோற்றுவிடுவான் என்பதாலேயே இதைக் கற்றுக்கொண்டான் என்று நினைக்கிறேன். என் மகனுக்கு அது தேவைப்படவில்லை, ஓடித் தாண்டிவிடுகிறான். மற்றவர்களும் வளர்ந்து அவன் உயரத்துக்கு வந்தபின் என்ன செய்வான் என்பதுதான் எனக்குக் கவலை.

இப்போது, தேர்வானதன் பலனைச் சொல்கிறேன். சிறப்பு அணியில் வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி, மொத்தம் 14 மணி நேரம். சில வாரங்களாக அவன் மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறான். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு துருத்திய இடத்தில் வீக்கம், தொட்டாலே வலி. மருத்துவர் ‘ஆஸ்குட்-ஷ்லாட்டர்’ என்றார். எலும்பு வேகமாக நீள்கிறது, தொடைத் தசையும் நாணும் அதற்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. ஒவ்வொரு உதையும் ஒவ்வொரு குதியும் அந்த இளம் வளர்ச்சித் தட்டை இழுக்கிறது. பளுவைக் குறைத்தால் பெரும்பாலும் வளர்ச்சி முடிவதற்குள் சரியாகிவிடும். குறைக்கச் சொன்னதற்கு உங்கள் பயிற்சியாளர் சொன்ன பதில்: “சூடாக்கினால் போய்விடும்.” போகவில்லை, ஐயா. நாணுக்கு ஓய்வு கொடுத்த ஒரே விஷயம் வாரம் இருமுறை நீச்சல்தான். அதைத்தான் உங்கள் படிவம் நிறுத்தச் சொல்கிறது.

விளையாட்டு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பிள்ளையின் வயது எத்தனையோ, அதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் திட்டமிட்ட பயிற்சி கூடாது. 11 வயதுக்கு 11 மணி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல், பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொன்னது. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் போன்றவற்றில் உச்சம் இளமையிலேயே வந்துவிடுவதால் சீக்கிரம் தொடங்குகிறார்கள், அது தனிக் கதை. நம் மைதானத்தில் நடப்பது கால்பந்து. நார்வேயில் பிள்ளைகள் 11 வயதை எட்டும் ஆண்டு வரை போட்டி முடிவுப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடுவதே கிடையாது. அதனால் அந்த நாட்டுக்குப் பதக்கம் வராமல் போய்விடவில்லை.

ஆனால் நமக்குக் கோப்பை உடனே வேண்டும். 12 வயதுக்குட்பட்டோர் கோப்பையோடு எடுத்த படத்தை அலுவலகச் சுவரில் மாட்டலாம், நன்கொடையாளரிடம் காட்டலாம். அந்தப் படத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் 17 வயதில் இன்னும் ஆடுகிறார்கள் என்று கேட்டால் அதற்குப் பட்டியல் இல்லை. அதற்கு யார் படம் எடுக்கப் போகிறார்கள்? வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்ட பெற்றோருக்குக் கும்பிடு பொம்மை ஒன்று பதிலாக வந்தது. சரி, எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்க வந்தது இதுதான்: படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். 14 வயதுக்கு முன் ‘சிறப்பு அணி’ என்று ஒரு கதவை அடைக்காதீர்கள். அதுவரை எல்லாரையும் வைத்துக்கொண்டு, எட்டு வாரம் ஒரு விளையாட்டு, அடுத்த எட்டு வாரம் வேறொன்று என்று சுழற்றலாம். திறமையைக் கண்டுபிடிக்க வேண்டுமா, புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்து ஐந்தாறு வாரத்தில் யார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் யார் முன்னால் நின்றார் என்பதைவிட அது அதிகம் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், அதே நேரத்தில், அதே சுவரில் உயரத்தை அளங்கள். திடீரென ஏறுமுகம் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குக் குதிப்பும் வேக ஓட்டமும் குறையட்டும். அவ்வப்போது வயதை விட்டுவிட்டு வளர்ச்சி சதவீதப்படி அணி பிரித்து ஆடவிடுங்கள். அப்போது என் மகன் தன்னைப் போன்ற உடம்புக்காரர்களோடு மோதி யோசிக்கக் கற்பான், அந்தச் சின்னப் பையன் முதல்முறையாகப் பந்தை வைத்திருந்து காட்டுவான். இதற்கு வேண்டியது ஓர் அளவு நாடாவும் ஒரு நோட்டும். அளக்கும் வேலையை நானே செய்கிறேன்.

படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை. அதனால் மகனின் இடம் போனால் போகட்டும். ஆனால் அந்த இடத்துக்கு வரும் அடுத்த பிள்ளையின் முட்டியும் முட்டிதான். படிவத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையை அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, என்னையும் அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரையும் பேச அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் தந்தால் நன்றி.

இப்படிக்கு,
பட்டியலில் முதலில் இருக்கும் பிள்ளையின் பெற்றோர்