கணக்கு டீச்சர் நினைவு உதவித்தொகை: கைகொடுத்த எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

வடசென்னை, 2026 மார்ச்

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். டீச்சர் போன பிறகு துக்கம் கேட்க வந்த வீட்டு வாசலில், செருப்பைத் தேடிக்கொண்டே நாம் பேசிய பேச்சு இது. அது இன்று 10 லட்சம் ரூபாயாக, இரண்டு வங்கிகளில் வைப்புத்தொகையாக நிற்கிறது. 214 பேர் கொடுத்த பணம். யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்பதையும், இந்தப் பணம் யாருக்கு, எப்போது, எப்படிப் போய்ச் சேரும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர். தன் பெயரை எதிலும் பொறிக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததாக அவர் மகள் சொன்னார். நமக்கும் அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமேடு வரைக்கும் அவர் ‘கணக்கு டீச்சர்’தான். அதனால் உதவித்தொகைக்கும் அதுவே பெயர். சம்மதித்த அந்த அக்காவுக்கு முதல் நன்றி.

தனிவட்டி பாடத்தை டீச்சர் எப்படி நடத்துவார் என்று நினைவிருக்கிறதா? புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ‘தண்டல்’ என்று எழுதுவார். நம் தெருக்களில் காலையில் நோட்டோடு வருகிற அதே தண்டல். 10,000 ரூபாய் கடன். கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். “வட்டி எவ்வளவு?” என்பார். “15 சதவீதம் டீச்சர்” என்று கத்துவோம். தலையை ஆட்டுவார். முதலில், உன் கைக்கு வந்தது 8,500தான். அதுவும் நூறு நாளும் உன்னிடம் இல்லை, தினம் தினம் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிதான், 4,250 ரூபாய்தான் உன்னிடம் இருந்தது. அதற்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் நூறு நாளைக்கே 35 சதவீதத்துக்கு மேல். வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தால் 128 சதவீதத்தைத் தாண்டும். தோராயக் கணக்குதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொன்னவர்கள் நம்மில் பலர்.

உதவித்தொகையை எப்படி அமைப்பது என்று பேச உட்கார்ந்தபோது இந்தப் பாடம்தான் எங்களுக்கு வழிகாட்டியது. நம் கூட்டத்திலேயே இருக்கும் ஒரு தம்பியின் கதை அன்றைக்கு வந்தது. பத்தாவது முடித்து அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இடம் கிடைத்தது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரிதில்லை. ஆனால் சேர்க்கைக் கட்டணம், டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், ஒர்க்‌ஷாப் யூனிஃபார்ம், ஷூ, இலவச பஸ் பாஸ் கைக்கு வரும்வரை பஸ் செலவு எல்லாம் சேர்ந்து பத்து நாளுக்குள் 7,800 ரூபாய் ஆனது. அப்பா கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மா தண்டல் வாங்கினார். டிப்ளமோவின் முதல் நூறு நாளும் அந்த வீட்டிலிருந்து தினம் 100 ரூபாய் போனது. தம்பி சனி ஞாயிறு ஐஸ் பெட்டி தூக்கப் போனான். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர்.

அரசு எதுவும் தருவதில்லை என்று சொல்ல வரவில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்தப் பணம், பிள்ளை படிப்பில் சேர்ந்த பிறகு, கல்லூரி பதிவு செய்து, ஆதார் இணைத்த கணக்கு சரிபார்த்து வருவது. சேருகிற வாரத்தில் கையில் இருக்காது. அந்த ஒரு வாரத்தில்தான் தண்டல்காரர் உள்ளே வருகிறார். ஆகஸ்ட் 15 அன்று மேடை போட்டு, சால்வை போர்த்தி, பெரிய அட்டைக் காசோலை கொடுக்கலாம் என்று சிலர் ஆசையாகச் சொன்னீர்கள். மன்னியுங்கள். அதற்குள் தண்டலில் பாதி கட்டி முடித்திருப்பார்கள்.

ஆகவே ஒருவருக்கு 12,000 ரூபாய். அதில் 8,000 சேர்க்கை உறுதியான மூன்று நாளுக்குள். மீதி 4,000 முதல் செமஸ்டர் தேர்வு எழுதிய பிறகு, ஐ.டி.ஐ. என்றால் ஜனவரியில். அரியர் இருந்தாலும் இரண்டாம் தவணை நிற்காது, தேர்வு எழுதியிருந்தால் போதும். வருஷத்துக்கு ஐந்து பேர்.

இந்தக் கணக்கு நிற்கிறதா என்று சரிபார்த்துக் கொடுத்தவர் வங்கியில் ஓய்வு பெற்ற நம் அண்ணன் ஒருவர். 6.5 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு வருஷம் 65,000. டெபாசிட்டை 2025 ஜூலை 1 அன்றே போட வைத்து, வட்டியை முதலோடு சேர்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் வாங்கும்படி செய்தார். மூன்று தவணையில், அதாவது இந்த மார்ச் முடிவில், 48,750 கையில் இருக்கும். ஜூனில் கொடுக்க வேண்டியது அதற்குள் அடங்கிவிடும். முதல் தொகையில் கை வைக்க வேண்டியதில்லை. ஒரே வங்கியில் போடாமல் ஐந்தைந்து லட்சமாகப் பிரித்ததும் அவர் பிடிவாதம்தான். வங்கிக்கு ஏதாவது ஆனால் வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் தரும் என்றார். ஆடிட்டர் தங்கச்சிக்கும் நன்றி: ‘நம்மில் யாராவது ஒருவர் பெயரில் போட்டுவிடலாம்’ என்று நாங்கள் அவசரப்பட்டபோது, அப்படிப் போட்டால் வட்டி அவர் வருமானமாகும், அவர் போய்விட்டால் பணம் வாரிசுக்குப் போகும் என்று நிறுத்தி, பழைய மாணவர் சங்கத்தைப் பதிவு செய்ய வைத்து, சங்கத்தின் பெயரிலேயே பான் எடுத்துத் தந்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

இனி விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு. சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களில் உள்ள அரசு, மாநகராட்சி, அரசு உதவிபெறும் பள்ளி எதிலாவது படித்து, 2026இல் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இந்த ஆண்டே பாலிடெக்னிக் முதலாமாண்டோ ஐ.டி.ஐ.யோ சேர வேண்டும். கல்லூரி எந்த ஊரில் இருந்தாலும் சரி. குடும்ப ஆண்டு வருமானம் 1,50,000 ரூபாய்க்குள்.

மதிப்பெண் வரம்பு கிடையாது. இதற்காக எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. 400க்கு மேல் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று வாதாடினவர்கள் உண்டு. 400 எடுத்த பிள்ளையைத் தேடிவந்து கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். டீச்சர் மாலையில் திண்ணையில் உட்கார வைத்தது 28 எடுத்தவர்களை. அதனால் ஐந்தில் ஒரு இடம், துணைத்தேர்வு எழுதித் தேறுகிறவருக்கு என்றே ஒதுக்கியிருக்கிறோம்.

விண்ணப்பம் இரண்டு பக்கம், இலவசம். மிண்ட் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஏப்ரல் 15 முதல் மேற்சொன்ன பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறையில் கிடைக்கும். நிரப்பியதையும் அங்கேயே கொடுக்கலாம். வாங்கி வைக்கச் சம்மதித்த தலைமை ஆசிரியர்களுக்கும் அலுவலக உதவியாளர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியல் நகல், மாற்றுச் சான்றிதழ் நகல், வருமானச் சான்றிதழ், பிள்ளையின் வங்கிப் புத்தக முதல் பக்க நகல் ஆகிய நான்கு மட்டும் போதும். சாதிச் சான்றிதழ் வேண்டாம். போட்டோகூட வேண்டாம்.

இந்த நான்கில் எங்கே சிக்கும் என்று சொல்லிவிடுகிறேன். டி.சி. அசல் கல்லூரியில் கொடுத்துவிட்டால் திரும்ப வராது. பள்ளியில் வாங்கிய அன்றே நான்கு நகல் எடுத்து வையுங்கள். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது. ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டம், அதனால் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகுமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி நாள்வரை சான்றிதழ் வரவில்லையென்றால், இ-சேவை தந்த ஒப்புகைச் சீட்டு நகலை வைத்துக் கொடுங்கள், ஏற்றுக்கொள்வோம். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். ஆறாவதில் பள்ளியில் திறந்த கணக்கு பலருக்கு அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவை போய்ப் பத்து ரூபாய் போட்டு, புத்தகத்தில் பதிந்து பாருங்கள். நாங்களும் முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்போம். அது வந்துவிட்டதென்று நீங்கள் சொன்ன பிறகுதான் 8,000 வரும்.

கடைசி நாள் 2026 ஜூன் 5, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. துணைத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. சேர்க்கைக் கடிதம் அதற்குள் வராவிட்டால் பரவாயில்லை, விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கடிதம் வந்ததும் காட்டலாம். ஐந்து பேருக்கு மேல் விண்ணப்பித்தால், ஓய்வுபெற்ற மூன்று ஆசிரியர்கள் பெயரை மறைத்த தாள்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டில் சம்பாதிக்கிறவர் இல்லாத பிள்ளை, ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளை என்ற வரிசையில் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து விசாரிக்க மாட்டோம். கிடைத்தவர் பெயரை எங்கும் போட மாட்டோம், கொடுத்தவர்களுக்கும் சொல்ல மாட்டோம்.

கொடுத்தவர்களில் சிலரைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. குவைத்திலிருந்து மாதம் தவறாமல் 2,000 அனுப்பிய தம்பி. ‘என் பேரு வேணாம், பசங்க பேருல எழுதிக்கோ’ என்ற விசைப்படகு அண்ணன். எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கும் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரே கவரில் வைத்த 3,500. மார்க்கெட் ஓரம் இட்லிக் கடை போடும் அக்கா 500 ரூபாயைச் சில்லறையாகவே கொண்டுவந்தார். நான் எண்ணத் தொடங்கியதும், “எண்ணாத, சரியா இருக்கும். டீச்சர்கிட்ட படிச்சவதான் நானும்” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். 502 இருந்தது. இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீது எழுதினேன்.

நன்றியுடன்,
பழைய மாணவர் சங்கத்துக்காக, பொருளாளர்