மொட்டைமாடியில் கயிறடிக்கும் பெண்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த, நெருக்கமான நகர வீடொன்றின் மொட்டைமாடியில் ஓட்டப் பயிற்சி எடுக்கும் சிறுமியின் கதை வாசித்தேன். அந்தத் தண்ணீர்த் தாங்கியும் நீட்டிநிற்கும் கம்பிகளும் கொடியில் காயும் சாரங்களும் எங்கள் திருகோணமலையிலும் உண்டு. அவளை முழுவேகத்தில் ஓடவிடாமல் கயிறடிக்க வைத்தது கதாசிரியரின் கெட்டித்தனம். முப்பதடித் தட்டில் வேகமெடுத்தால் நிற்க இடமிராது.

ஆனால் கொங்கிரீட் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. வெறுங்காலோடு தினமும் ஒரு மணித்தியாலம் குதித்தால், சில வாரங்களில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புற ஓரம் நோகத் தொடங்கலாம். அழுத்தும்போது நீளவாட்டில் பரவலாக நொந்தால் பெரும்பாலும் ஓய்வில் ஆறிவிடும். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினால், எலும்பில் வெடிப்போ என்று வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். கதையில் அவளுக்குக் கால் நோவதேயில்லை!

சத்தம் தாங்காமல் ஏச வந்த கீழ்வீட்டு அம்மா, பிறகு தன் பிள்ளைகளையும் மேலே அனுப்பும் இடம் எனக்குப் பிடித்தது. அவர் கையில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பைக் கொடுத்திருக்கலாம். காலுக்கும் நல்லது, அவரின் கூரைக்கும் நல்லது. மார்கழி மழையில் தட்டுப் பாசி பிடித்து வழுக்குமே, அப்போது அவர்கள் எங்கே பயிற்சி எடுத்தார்கள் என்பதையும் கதாசிரியர் எழுதவேண்டும்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருகோணமலை