இரண்டு கட்டம் போதாது: கல்வியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கல்வியியல் கல்லூரி ஒன்றில் பதினோராண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். சென்ற மாதம் என் மாணவி ஒருவரின் அறிக்கைப் பகுப்பாய்வுப் பயிற்சி திரும்பி வந்தது. பத்துக்கு நான்கு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பு மையில், 'கேட்கப்படாத விவரம்'.

நீங்கள் தந்த படிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இடப்பக்கம் 'பரிந்துரை', வலப்பக்கம் 'ஆதாரம், பக்க எண்'. அவர் எடுத்துக்கொண்டது 1964 முதல் 1966 வரை இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழுவின் அறிக்கை. 'தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும்' என்று இடப்பக்கம் எழுதினார். பக்க எண்ணோடு நிறுத்தியிருந்தால் எட்டு கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. அந்த 6 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்.

பரிந்துரைச் சுருக்கத்தில் அது ஒற்றை வரி. காரணம் இருப்பது பத்தொன்பதாம் அத்தியாயத்தில், கல்வி நிதி பற்றிய பகுதியில். அங்கே குழு மூன்று ஊகங்களை வைக்கிறது: தேசிய வருமானம் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளரும், மக்கள்தொகை 2.1 விழுக்காடு பெருகும். கல்விச் செலவு ஏறத்தாழ 10 விழுக்காடு உயரும். இப்படி இருபது ஆண்டுகள் போனால், 1965இல் தேசிய வருமானத்தில் 2.9 விழுக்காடாக இருந்த கல்விச் செலவு 1985இல் 6 ஆகும். தலைக்கு 12 ரூபாயாக இருந்தது, விலைவாசி மாறாதிருந்தால், 54 ரூபாய் ஆகும்.

அந்தப் பெண் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து விழுக்காடு வளரும் செலவு இருபது ஆண்டில் 6.7 மடங்காகும். ஆறு விழுக்காடு வளரும் வருமானம் 3.2 மடங்காகும். ஒன்றை மற்றொன்றால் வகுத்து 2.9ஆல் பெருக்கினால், 6.1. குழுவின் கணக்கு சரிதான். ஆனால் அந்த 6 பள்ளிகளில் அளந்து எடுத்த எண் அன்று. வருமானம் இப்படி வளரும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து பிறந்த எண்.

அந்த எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் நாட்டின் வளர்ச்சி 4 விழுக்காட்டை ஒட்டியே நகர்ந்தது. 4 என்று வைத்தால் வருமானம் 2.2 மடங்குதான் ஆகும். குழு நினைத்த அதே தொகையைச் செலவிட, வருமானத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு ஒதுக்கியிருக்க வேண்டும். ஊகம் சற்றே மாறியதும் 6 என்பது 9 ஆகிவிட்டது. ஒரு முழுப் பக்கத்தில் இதை எழுதியிருந்தார். அதுதான் 'கேட்கப்படாத விவரம்'.

ஐயா, அம்மா, படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேருங்கள். 'ஆதாரம் எவ்வகை' என்று தலைப்பிடுங்கள். அளந்து பெற்ற தரவா, ஊகக் கணக்கா, பிற நாட்டு ஒப்பீடா, குழுவின் கருத்து மட்டுமா? ஒரு சொல் எழுதினால் போதும்.

இந்தக் கட்டம் இல்லாததால் என்ன நடக்கிறது தெரியுமா? 1968 தேசியக் கல்விக் கொள்கை 'தேசிய வருமானத்தில் 6' என்றது. 2020 கொள்கை 'மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6' என்கிறது. வகுக்கும் எண் மாறியிருக்கிறது, 6 மட்டும் மாறவில்லை. என் வகுப்பில் நாற்பது பேர் இரண்டையும் ஒன்றாகவே எழுதினார்கள். வழிகாட்டி நூலில் அப்படித்தான் இருக்கிறதாம். அறுநூறு பக்கத்தைத் தாண்டும் ஆங்கில அறிக்கையைத் தமிழ்வழி மாணவர் படிக்க வேண்டும் என்று நாம் விதித்தோம். அதைப் பத்துக் குறிப்புகளாகச் சுருக்கி விற்கும் பதிப்பகத்தாருக்குத்தான் இத்தனை ஆண்டு சேவை செய்திருக்கிறோம் போலிருக்கிறது. அறிக்கையைத் திறந்தவருக்கு நான்கு, வழிகாட்டியைத் திறந்தவருக்கு எட்டு. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விருதே கொடுக்கலாம்.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்தருளுங்கள். ஆனால் மதிப்பிட்டவரை நான் குறைசொல்லவில்லை. உங்கள் விடைக்குறிப்பில் பக்க எண்ணுக்கு இரண்டு மதிப்பெண் இருக்கிறது. 'எனக் கொண்டால்' என்ற நிபந்தனையைக் கண்டுபிடித்தவருக்கு எதுவும் இல்லை. அவர் வேறென்ன செய்வார்?

முழு அறிக்கையும் வேண்டாம். கல்வி நிதி அத்தியாயத்தை மட்டும் கொடுத்து, மூன்று பரிந்துரைகளை எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்தி எண்ணும் ஆதார வகையும் கேளுங்கள். வரும் பருவத்துக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் அந்த மூன்றாவது கட்டத்தைச் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவியின் தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கல்வியியல் ஆசிரியர் ஒருவர்