வாடகைக்காரர் விட்டுப்போன சாமானை ஏன் உடனே அள்ளுவதில்லை?

வீடும் அறையும் வாடகைக்கு விடும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஆள் போயிட்டாரு, சாமான் அப்படியே கிடக்கு, லாரிய அனுப்புங்க அண்ணே" என்று அடிக்கடி அழைக்கிறீர்கள். முன்பெல்லாம் உடனே வந்து அள்ளிவிடுவோம். இப்போது முதலில் வாடகைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறோம். அதில் சிலருக்கு வருத்தம் இருப்பதால்தான் இந்த மடல்.

வாடகைக் காலம் முடிந்ததும் அறை உங்களுக்குத் திரும்பிவிடுகிறது, ஆனால் அதிலுள்ள சாமான் அவருடையதாகவே இருக்கிறது. அவரைக் கேட்காமல் விற்றாலோ வீசினாலோ, அதன் மதிப்பைக் கேட்டு அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம். வாடகை பாக்கி இருந்தாலும் அப்படித்தான். பாக்கிக்காகச் சாமானைப் பிடிக்க நீதிமன்ற ஆணை வேண்டும். நாமாகப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. வெளியே வைக்கலாம் என்றால், வீவக தாழ்வாரத்தில் வழியை அடைப்பது தீப்பாதுகாப்பு விதிக்கு எதிரானது.

போன ஏப்ரலில் தெம்பனிசில் நடந்ததைச் சொல்கிறேன். 31 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. வாடகைக்காரர் சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அறையில் பூட்டிய பெட்டி ஒன்று, தையல் மெஷின், ரைஸ் குக்கர், துணிப் பை இரண்டு, பாதி மூட்டை அரிசி. சாவியைக் கொடுத்துவிட்டதால் எல்லாவற்றையும் கைவிட்டதாகத்தானே அர்த்தம் என்றார் வீட்டுக்காரர். அரிசிக்கு அது சரி. பூட்டிய பெட்டியை யாரும் கைவிட்டுப் போவதில்லை.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். ஒப்பந்தத்தில் வாடகைக்காரரின் முகவரி என்று இருந்தது அதே தெம்பனிஸ் வீட்டு முகவரி! பதிவுத் தபால் அனுப்பினால் வீட்டுக்காரர் கையிலேயே வந்து விழும். நல்லவேளை, மின்னஞ்சலும் வாட்ஸ்அப் எண்ணும் இருந்தன. 3 ஏப்ரலில் இரண்டுக்கும் அனுப்பினோம். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"நீங்கள் இருந்த அறையில் கீழ்க்கண்ட சாமான்கள் இருந்தன. அவற்றை எங்கள் கிடங்கில் வைத்திருக்கிறோம். 17 ஏப்ரலுக்குள் நீங்களோ, நீங்கள் எழுதி அனுப்பும் ஆளோ வந்து எடுத்துக்கொள்ளலாம். வைப்புக் கட்டணம் நாளுக்கு 3 வெள்ளி. அதன் பிறகும் பதில் இல்லையென்றால் விற்று, செலவு போக மீதியை உங்களுக்காக வைத்திருப்போம்."

14 நாள் என்பது நாங்கள் பழகிவந்த கணக்கு. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு நாள் எழுதியிருந்தால் அதுவே செல்லும். ஆள் வெளிநாட்டில் இருந்தாலோ, தையல் மெஷின் போலப் பிழைப்புக்கான பொருள் இருந்தாலோ, ஒரு மாதம் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம் பதிவு. எதையும் அசைப்பதற்கு முன் அறையை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்தோம். பட்டியலில் வீட்டுக்காரரும் எங்கள் ஆளும் கையெழுத்துப் போட்டார்கள். அரிசியைப் படம் எடுத்துவிட்டு வீசினோம். பூட்டிய பெட்டியைத் திறக்கவில்லை. தராசில் வைத்து 18.4 கிலோ என்று எழுதி, எண் போட்ட பிளாஸ்டிக் சீல் கட்டினோம்.

13 ஏப்ரலில் அவருடைய தம்பி வந்தார். அண்ணன் அதே எண்ணிலிருந்து அனுப்பிய செய்தியைக் காட்டினார். 10 நாளுக்கு 30 வெள்ளி கட்டினார். பெட்டியைப் பார்த்ததும், "உள்ளே தங்க மோதிரம் இருக்கே, யாராவது திறந்தீங்களா?" என்று கேட்டார். சீல் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டி, மறுபடி எடை போட்டோம். அதே 18.4. அவரே பூட்டைத் திறந்தார், மோதிரம் இருந்தது. அந்தத் தாள் இல்லாமல், மோதிரமும் காணாமல் போயிருந்தால், நாங்களும் வீட்டுக்காரரும் என்ன பதில் சொல்லியிருப்போம்?

கடவுச்சீட்டு கிடைத்தால் மட்டும் வேறு வழி. அது அதைக் கொடுத்த நாட்டு அரசாங்கத்தின் சொத்து, பாக்கிக்கு ஈடாக வைத்துக்கொள்ளவே கூடாது. ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் அவர் நாட்டுத் தூதரகத்தில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரும் வராத சாமானை விற்றால், விலையும் வாங்கியவர் ரசீதும் அதே பட்டியலின் பின்பக்கத்தில் ஏறும். அந்தத் தாளையும் படங்களையும் 6 ஆண்டு வைத்திருங்கள், வழக்குப் போட அவருக்கு அவ்வளவு காலம் இருக்கிறது.

அடுத்த ஒப்பந்தம் போடும்போது வாடகைக்காரரின் ஊர் முகவரியையும் உறவினர் ஒருவரின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விட்டுப்போன சாமானை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். நோட்டீஸ், பட்டியல் இரண்டின் மாதிரியும் கடையில் இருக்கிறது. கேட்டால் தருகிறோம், காசு வேண்டாம்.

அன்புடன்,
சாமான் ஏற்றும் கடையிலிருந்து,
சிராங்கூன் சாலை