அறிக்கையில் யாரும் எண்ணை மாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பெண்களின் படிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் மூலத் தரவைத் தாங்களே எடுத்து, பத்தாண்டோ அதற்கு மேலோ படித்த பெண்களைக் கிராமம், நகரம் என்று பிரித்து அட்டவணை போட்டார்களாம். அறிக்கையில் உள்ள சதவீதம் வரவில்லையாம். அதனால் ‘எங்கோ எண்கள் மாற்றப்பட்டிருக்கின்றன’ என்று எழுதிவிட்டார்கள். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

கட்டுரை முழுக்கத் தேடினேன். எடை, அதாவது ஒருவரின் பதிலுக்கு மொத்தக் கணக்கில் எவ்வளவு கனம் என்று சொல்லும் வெயிட், என்ற பேச்சே அதில் இல்லை. தரவுக் கோப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் நேராக v005 என்று ஒரு எண் இருக்கும். அதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் வருவது அந்தப் பெண்ணின் எடை. அதைப் போடாமல் தலைகளை மட்டும் எண்ணினால் அறிக்கையின் சதவீதம் வரவே வராது.

காரணம் எளிது. இந்த ஆய்வு மாவட்ட அளவிலும் கணக்கு சொல்ல வேண்டும். அதனால் சின்ன மாவட்டத்திலும் போதுமான வீடுகளை எடுத்தாக வேண்டும். மக்கள்தொகை விகிதப்படி எடுத்தால் அங்கே கையளவுதான் கிடைக்கும். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30.38 லட்சம் பேர், பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். கணக்குக்காக, இரண்டிலும் 800 பெண்களைப் பேட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு விஷயத்துக்கு மதுரையில் 320 பேர், அதாவது 40 சதவீதம், ‘ஆமாம்’ என்கிறார்கள். பெரம்பலூரில் 480 பேர், 60 சதவீதம். தலையை எண்ணினால் 1,600க்கு 800, சரியாக 50 சதவீதம். ஆனால் பெண்களின் எண்ணிக்கையும் மக்கள்தொகை விகிதத்திலேயே இருந்தால், மதுரைப் பெண் ஒருவருக்கு எடை சுமார் 1.69, பெரம்பலூர்ப் பெண்ணுக்கு 0.31. அதைப் போட்டுக் கூட்டினால் 43 சதவீதம்தான். ஏழு புள்ளி வித்தியாசம். யாரும் எதையும் மாற்றவில்லை.

உங்கள் கட்டுரையாளர் மதுரையை மட்டும் தனியாக எடுத்து, அதிலும் கிராமத்தை மட்டும் பார்த்திருந்தால் வித்தியாசம் சிறிதாகத்தான் இருந்திருக்கும். மாவட்டங்களைச் சேர்க்கச் சேர்க்க அது பெரிதாகக்கூடும். எடை விட்டுப்போனதற்கு அது ஒரு அடையாளம். அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்தில் பெண்களின் எண்ணிக்கை என்று ஒரு பத்தி இருக்கும். அது எடை போட்டபின் வரும் எண்ணிக்கை. தன் அட்டவணையின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

வேறொரு ஆய்வுக்காக நான் உசிலம்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போனவள். முதலில் தெருத்தெருவாக வீட்டுப் பட்டியல் எழுதி, அதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் வீடுகளைத் தேர்ந்தெடுப்போம். தேர்வான வீடு பூட்டியிருந்தால், “இந்த வீட்டுக்கு வாங்கம்மா” என்று பக்கத்து வீட்டக்கா எவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டாலும் போகக் கூடாது. மறுபடி மறுபடி அந்தப் பூட்டிய வீட்டுக்கேதான் நடக்க வேண்டும். கடைசி வரை ஆள் கிடைக்காவிட்டால் பதில் கிடைக்காதவர்களுக்கான திருத்தமும் எடையில்தான் சேரும். இப்படி வெயிலில் நடந்தவர்கள் கொண்டுவந்த எண்களைத்தான் உங்கள் கட்டுரை மாற்றியவை என்கிறது. மனசு வலிக்கிறது, ஐயா.

இது முதல் தடவையும் இல்லை. முன்பொரு முறை இதே அறிக்கையிலிருந்து உங்கள் இதழில் ஒரு மாவட்ட எண் தலைப்பாகவே வந்தது. அறிக்கையில் அது அடைப்புக்குறிக்குள் இருந்தது. 25 முதல் 49 பேரை மட்டுமே வைத்து வந்த எண் என்பதற்கான எச்சரிக்கை அது. நீங்கள் அடைப்புக்குறியை எடுத்துவிட்டுப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை. அறிக்கையின் அடிக்குறிப்பை யாராவது படித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

குடும்ப வன்முறை பற்றியும் அடுத்த வாரம் எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விகள் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்கப்பட்டவை. அதற்கு v005 உதவாது. D005 என்ற தனி எடை இருக்கிறது. தயவுசெய்து அதையாவது பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இரண்டுதான். ‘மாற்றப்பட்டிருக்கின்றன’ என்ற வரிக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம். இனி அட்டவணை எது போட்டாலும், எடை போட்ட கணக்கா, போடாததா, எத்தனை பேரிடம் கேட்டது என்று அடியில் ஒரு வரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியை,
திருநகர், மதுரை.